ஏழாம் பகுதி: தமிழ்ப் பெயர்கள்

அந்த வருடம் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. மாரியில் அப்பா போய்ச் சேர்ந்திருந்தார். செத்த வீட்டில் நான் அழவில்லை என்று மாமிமார் ஆளையாள் பார்த்துக்கொண்டார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன். அழுகை வந்தால் அழமாட்டேனா? வரவில்லை, அவ்வளவுதான். சாப்பாடு, ரயில், வகுப்பு, தூக்கம் எல்லாம் தன்பாட்டில் நடந்தன. அப்படி மரத்துப்போய் இருந்த ஆறு மாதத்தில் நான் ஒரு பயனர் வழிகாட்டி எழுதினேன். அதில் ஒரு பக்கத்தால், எட்டு வருடம் வரிசையில் நின்ற ஒருவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய வீடு கிடைக்காமல் போனது. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

படிப்பின் கடைசி வருடத்தில் பயிற்சி வேலை கட்டாயம். நான் படித்தது தொழில்நுட்ப ஆவணம் எழுதுவது. இதைத் தமிழ் வீடுகளில் விளங்கப்படுத்துவது வலு கஷ்டம். "அப்ப நீ கம்பியூட்டர் செய்யிறியோ?" என்பார்கள். இல்லை, கம்பியூட்டரை எப்படிப் பாவிப்பது என்று எழுதுகிறேன் என்றால், "அதுக்கும் படிப்போ?" என்பார்கள். அதற்கும் படிப்புத்தான். அந்தப் படிப்பு என்னை, சுவிஸில் நாங்கள் இருந்த ஆராவிலிருந்து சூரிச்சுக்குப் பக்கத்து டீட்டிகோனுக்கு எஸ்-பான் ரயிலில் தினமும் கொண்டுபோய் விட்டது.

அங்கே ஒரு வீட்டு நிர்வாக நிறுவனம். அந்தப் பகுதியில் இருந்த சில கூட்டுறவுச் சங்கங்களின் வீடுகளை அவர்கள்தான் பார்த்துக்கொண்டார்கள். கூட்டுறவு வீடு என்றால் வாடகை குறைவு, ஆகவே வரிசை நீளம். சாப்பாட்டு இடத்தை அரை என்று எண்ணி, இரண்டரை அறை, மூன்றரை அறை என்று வீட்டின் அளவைச் சொல்வார்கள். பெயரைப் பதிந்துவிட்டு ஆட்கள் வருடக்கணக்காகக் காத்திருப்பார்கள். ஒரு வீடு காலியானால், அந்த அளவு வீட்டுக்கு யார் முதலில் பதிந்தாரோ அவருக்கு முதலில் மின்னஞ்சல் போகும். அவர் வேண்டாம் என்றால் அடுத்தவருக்கு. ஒருவருடைய இடத்தைத் தீர்மானிப்பது பதிந்த திகதி என்ற ஒரே ஒரு புலம்தான், பதிவேட்டில் ஒரு பெட்டி. பிள்ளை பிறந்தது, வீட்டுக்காரன் எழுப்பியது, வேலை போனது எதுவும் அதற்குத் தெரியாது.

வாடகைக் குழுவில் நான்கு பேர். குழுத் தலைவி என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வேகமாக நடப்பவர், எல்லாவற்றுக்கும் "சரி, அடுத்தது?" என்பவர். மூத்த எழுத்தர் ஒரு சுவிஸ் பெண்மணி, ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தவர். மற்ற இருவர் பகுதி நேரம். இவர்கள் பாவித்த பதிவேட்டுக் கருவியைக் கட்டியது மேல்மாடியில் இருந்த ஒரு நிரலாளர். கருவி நன்றாகத்தான் இருந்தது. அதைப் பாவிப்பது எப்படி என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. நான் அதற்காகத்தான் எடுக்கப்பட்டேன்.

அதில் மிகவும் தொல்லை பிடித்த பகுதி இரட்டைப் பதிவு. ஒருவர் பழைய காலத்தில் கடதாசியில் பதிந்திருப்பார், பிறகு இணையத்திலும் பதிந்திருப்பார். கலியாணம் முடித்துப் பெயர் மாறியிருக்கும், வீடு மாறியிருக்கும். ஒரே ஆள் வரிசையில் இரண்டு தரம் நிற்பார். கருவி இப்படிச் சந்தேகமான சோடிகளைத் தானே கண்டுபிடித்து ஒரு பட்டியல் போடும். ஒரு சோடியைத் திறந்தால் இரண்டு பதிவுகளும் பக்கத்தில் பக்கத்தில் வரும். வேறுபடும் புலங்கள் மஞ்சளாக இருக்கும். எந்தப் பதிவு நிற்க வேண்டும் என்று தெரிவுசெய்து, 'இணை' என்ற பொத்தானை அமுக்கினால் மற்றது அதற்குள் போய்விடும். அன்றைக்கே பிழை என்று தெரிந்தால் திருப்பி எடுக்கலாம். மாலையில் கருவி அன்றைய கணக்கை மூடியபிறகு நிரலாளர் கையால் தோண்டினால்தான் உண்டு. அந்த எச்சரிக்கையைப் பொத்தானை அமுக்கும் படிக்கு முன்னால் போட வேண்டும், பின்னால் அல்ல. அமுக்கியபிறகு வாசிக்கும் எச்சரிக்கையால் என்ன பிரயோசனம்? இதையெல்லாம் நான் ஒழுங்காகத்தான் செய்தேன்.

முதல் இரண்டு கிழமையும் நான் எழுதவில்லை, பார்த்தேன். எழுத்தரின் மேசைக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, அவர் என்ன செய்கிறாரோ அதை அப்படியே குறித்தேன். சோடியைத் திறப்பார். மஞ்சள் புலங்களைப் பார்ப்பார். பிறகு தொலைபேசியை எடுத்து அந்த ஆளுக்கே அடிப்பார். "வணக்கம், உங்கள் பெயரில் எங்களிடம் இரண்டு பதிவு இருக்கிறது, இரண்டும் நீங்கள்தானா?" ஆள் எடுக்காவிட்டால் சோடியை மூடிவிட்டு அடுத்ததற்குப் போவார். எடுத்தால் ஊர்க்கதை, நாய்க்கதை எல்லாம் கேட்டுவிட்டுத்தான் வைப்பார். ஒரு சோடிக்குச் சில நேரம் அரை மணி. பட்டியலில் நூற்றுக்கணக்கில் தேங்கிக் கிடந்தது.

"ஏன் ஒவ்வொருவருக்கும் அடிக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"நான் எப்பவும் அடிப்பேன்" என்றார்.

"பெயர், திகதி, விலாசம், மின்னஞ்சல் எல்லாம் ஒன்றாக இருந்தாலுமா?"

"அப்போதும் அடிப்பேன்."

"காரணம்?"

யோசித்தார். "காரணம் என்று ஒன்றும் இல்லை. கேட்டுவிட்டால் நிம்மதி."

எனக்கு வகுப்பில் சொல்லித்தந்த முதல் விதி: காரணம் சொல்ல முடியாத படி வழிகாட்டியில் இருக்கக் கூடாது. வாசிக்கிறவர் அதைத்தான் முதலில் தாண்டுவார். என் வரைவில் நான்காம் படி 'விண்ணப்பதாரரைத் தொலைபேசியில் அழைக்கவும்' என்று இருந்தது. தலைவி அதைப் பார்த்துவிட்டு, "இதனால்தான் எங்களுக்கு ஒரு வருடம் பிந்திக் கிடக்கிறது" என்றார். அந்தப் படியை எடுத்துவிடச் சொல்லி அவர் சொல்லவில்லை. எடுத்தது நான். அதற்குப் பதிலாக ஒரு அட்டவணை போட்டேன்: இன்னின்ன புலங்கள் பொருந்தினால் ஒரே ஆள், அழைக்கத் தேவையில்லை; இன்னின்னது பொருந்தாவிட்டால் மட்டும் அழைக்கவும். அழகான அட்டவணை. எனக்குப் பெருமையாக இருந்தது என்று எழுத ஆசை, ஆனால் பெருமையும் அந்த நாட்களில் வரவில்லை. சரி பார்த்துவிட்டேன் என்ற நினைப்பு மட்டும் இருந்தது.

ஏழாம் பகுதி பிறகுதான் வந்தது. தேங்கிக் கிடந்த சோடிகளில் கனக்கத் தமிழ்ப் பெயர்கள். பட்டியலில் ஒரு நீண்ட பெயர் வந்தால் குழுவே ஒதுங்கும். எது முதல் பெயர், எது குடும்பப் பெயர், இரண்டு பதிவில் இரண்டு விதமாக ஏன் இருக்கிறது? தலைவி ஒருநாள் என் மேசைக்கு வந்து, "உங்களுக்குத்தான் இது தெரியுமே, இதற்கென்று ஒரு பகுதி எழுதிவிடுங்களேன்" என்றார். தமிழ் ஆள் ஒருத்தி அலுவலகத்தில் இருந்தால் தமிழ்ப் பெயர் எல்லாம் அவள் தலையில்தான். நான் தலையாட்டினேன்.

எழுதுவதற்கு ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. தமிழரிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. ஆளுக்கு ஒரு பெயர், அதோடு அப்பாவின் பெயர். இந்த நாட்டுப் படிவத்தில் இரண்டு பெட்டி இருப்பதால் அப்பாவின் பெயரை ஒரு பெட்டியில் போடுகிறோம். சிலர் முன் பெட்டியில், சிலர் பின் பெட்டியில், சிலர் அன்றைக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படி. ஆகவே, என்று எழுதினேன், இரண்டு பதிவில் இரண்டு பெயர்களும் இடம் மாறி இருந்து, விலாசமும் மின்னஞ்சலும் ஒன்றாக இருந்தால், அது ஒரே ஆள். பிறந்த திகதி பற்றியும் ஒரு வரி சேர்த்தேன். பழைய கடதாசிப் பதிவுகளில் பிறந்த திகதி கேட்கவில்லை. கருவிக்குள் ஏற்றியபோது அந்த வெற்றுப் புலங்களுக்கு 1.1.1900 என்று நிரப்பிவிட்டார்கள். அது திகதி அல்ல, தெரியாது என்பதன் அடையாளம். அதை வேறுபாடாக எடுக்க வேண்டாம். எந்தப் பதிவு நிற்க வேண்டும்? பழைய திகதி உள்ளது. அப்போதுதான் ஆள் வரிசையில் தன் இடத்தை இழக்கமாட்டார். இதை எழுதும்போது நல்ல காரியம் செய்கிறேன் என்றுகூட நினைத்தேன். எங்கள் சனத்தின் இடம் பறிபோகாமல் பார்க்கிறேனாம்.

பரிசோதனைக்கு உண்மைப் பதிவுகளைப் பாவிக்கக் கூடாது. நிரலாளர் சோதனைப் பதிவேடு ஒன்று தந்தார், அதில் நான் ஆறு தமிழ்ச் சோடிகளைக் கற்பனையாகப் போட்டேன். பகுதி நேரமாக வந்த ஒருவரை இருத்தி, வழிகாட்டியை மட்டும் பார்த்து எல்லாவற்றையும் இணைக்கச் சொன்னேன். இப்படிச் சோதிக்கும்போது எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. அவர் எங்கே நிற்கிறார், எங்கே நெற்றியைச் சுருக்குகிறார் என்று குறிக்க மட்டும்தான். அவர் எங்கேயும் நிற்கவில்லை. ஆறையும் பிழையில்லாமல் இணைத்தார்.

நான் போட்ட ஆறு சோடியும் ஒரே ஆளின் சோடிகள். இணைக்கக் கூடாத சோடி ஒன்றையாவது அதற்குள் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தெரியாமல் அல்ல, வகுப்பில் படித்ததுதான். கத்தி வெட்டுகிறதா என்று பார்க்க மரக்கறியை மட்டும் வெட்டிப் பார்த்தேன், விரலை நினைக்கவில்லை.

மே மாதம் வழிகாட்டி குழுவுக்குப் போனது. தலைவி எல்லாருக்கும் எழுதிய மின்னஞ்சலில் ஏழாம் பகுதியைத் தனியாகப் பாராட்டியிருந்தார். எழுத்தர் அதை அச்சடித்து, துளை போட்டு, கோப்பில் வைத்துக்கொண்டார். முதல் சில நாள் பழக்கத்தில் கை தொலைபேசிக்குப் போகும். பிறகு தானே சிரித்துக்கொண்டு அட்டவணையைப் பார்ப்பார். ஜூனில் பட்டியல் பாதியாகக் குறைந்தது. பயிற்சி முடிய என்னை வேலைக்கு வைத்துக்கொள்வது பற்றிக் கதைக்கலாம் என்று தலைவி சொன்னார். வீட்டில் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா சாமிப் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். நான் கோப்பையைக் கழுவினேன்.

ஜூலை கடைசியில், ஒரு செவ்வாய் மத்தியானம், கவுண்டரில் ஒரு இளைஞர் வந்து நின்றார். என் வயது இருக்கும், அல்லது இரண்டொன்று கூட. மின்சார வேலைக்காரர் போடும் பல பொக்கற் வைத்த காற்சட்டை. எழுத்தர்தான் கதைத்தார்; நான் பின்னால் என் மேசையில் இருந்தேன். அவர் தெளிவான சூரிச் ஜெர்மனில், இரண்டரை அறை வீட்டு வரிசையில் தான் எட்டு வருடமாக நிற்பதாகவும், இந்த வருடம் தனக்கு முறை வரும் என்று போன வருடம் இங்கே சொன்னதாகவும், இப்போது இணையத்தில் பார்த்தால் தன் பெயரில் திறந்த விண்ணப்பம் எதுவும் இல்லை என்று வருவதாகவும் சொன்னார். எழுத்தர் தேடினார். ஒரு பதிவு வந்தது. நிலை: வீடு கொடுக்கப்பட்டது.

"உங்களுக்கு வீடு கொடுத்துவிட்டோமே, பதினேழு வருடத்துக்கு முன்" என்றார் எழுத்தர்.

"பதினேழு வருடத்துக்கு முன் எனக்கு ஒன்பது வயது" என்றார் அவர்.

எழுத்தர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இல்லை, ஒரு கேள்விதான் இருந்தது. நான் எழுந்து போய்த் திரையைப் பார்த்தேன். இணைப்பு வரலாற்றைத் திறந்தேன். ஜூன் முதல் கிழமை, இரண்டு பதிவு ஒன்றாகியிருந்தது. பெயர்கள் இடம் மாறியிருந்தன. விலாசம் ஒன்று. மின்னஞ்சல் ஒன்று. பழையதில் பிறந்த திகதி 1.1.1900. ஏழாம் பகுதியை அச்சுப்பிசகாமல் பின்பற்றியிருந்தார் எழுத்தர்.

எனக்கு உடனே விளங்கியது. இரண்டு பேர். தகப்பனும் மகனும். தகப்பனின் பெயருக்குப் பின்னால் அவருடைய தகப்பனின் பெயர். மகனுக்கு அப்பப்பாவின் பெயரை வைத்திருக்கிறார்கள், அதற்குப் பின்னால் தகப்பனின் பெயர். அதே இரண்டு பெயர்கள், இடம் மாறி. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது எங்கள் வழக்கம் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? விலாசமும் மின்னஞ்சலும் ஒன்றாக இருந்ததற்கும் காரணம் தெரியும்: வீடு கிடைத்தவர்களின் விவரங்களை நிறுவனம் பிறகு புதுப்பிக்கச் சொல்லும். தகப்பனின் படிவங்களையெல்லாம் நிரப்புவது பிள்ளைதான், தன் மின்னஞ்சலையும் தன் தொலைபேசியையும்தான் கொடுக்கும். நானும் அப்படித்தான் செய்தேன். அப்பா இறந்தபிறகு காப்புறுதி, வரி, வங்கி என்று ஒவ்வொன்றாக என் மின்னஞ்சலை எடுத்துக்கொண்டு திரிந்தேன். சுவிஸ்காரர் ஒருவர் இந்தப் பகுதியை எழுதியிருந்தால், பயத்தில் 'அழைத்துக் கேட்கவும்' என்று விட்டிருப்பார். தெரியும் என்று நினைத்து எழுதியவள் நான்.

பழைய பதிவு நின்றதால் அதன் நிலையும் நின்றது. தகப்பனுக்கு வீடு எப்போதோ கிடைத்துவிட்டது. மகனின் திறந்த விண்ணப்பம் அதற்குள் போய் மூடிக்கொண்டது.

அவரை இருக்கச் சொல்லிவிட்டு மேல்மாடிக்குப் போனேன். நிரலாளர் பழைய பிரதியிலிருந்து மகனின் பதிவைக் கையால் எடுத்து வைத்தார். இருபது நிமிடம். பதிந்த திகதி, எட்டு வருடத்துக்கு முந்தியது, அப்படியே திரும்பி வந்தது. பெரிய நிம்மதி என்று நினைத்துத் தலைவியிடம் சொன்னேன். அவர் வேறு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜூன் நடுவில் இரண்டரை அறை வீடு ஒன்று காலியாகியிருக்கிறது. வரிசையில் முதலாவது ஆள் வேண்டாம் என்றிருக்கிறார். அடுத்தது இவர். இவர் அந்த நேரம் பதிவேட்டில் இல்லாததால் அதற்கடுத்த ஆளுக்குப் போயிருக்கிறது. ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது.

"இப்போது இவர் முதலாவதா?" என்று கேட்டேன்.

"முதலாவதுதான். ஆனால் இரண்டரை அறை வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான் காலியாகும்." "தொழில்நுட்பக் கோளாறு, சரிசெய்துவிட்டோம், வரிசையில் முதலாவதாக இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். அதெல்லாம் உண்மைதான். ஜூன் வீட்டைப் பற்றி அவர் கேட்டால் நான் வருகிறேன். நீங்களே போய்ச் சொன்னால் நல்லது, உங்கள் மொழிக்காரர்."

அந்த இளைஞரின் ஜெர்மன் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. மொழிக்காக என்னை அனுப்பவில்லை என்பது தலைவிக்கும் எனக்கும் தெரியும். போனேன்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். ஜெர்மனில் தொடங்கினேன். தொழில்நுட்பக் கோளாறு, சரிசெய்துவிட்டோம், முதலாவதாக இருக்கிறீர்கள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு, "இடையில் வீடு ஏதும் போனதா?" என்று கேட்டார்.

தலைவியைக் கூப்பிட்டிருக்கலாம். கதவு இரண்டு அடி தூரத்தில்தான் இருந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். கருவியில் கோளாறே இல்லை; அது சொன்னதைச் செய்தது. கருவிமேல் பழியைப் போட்டுவிட்டுப் போக எனக்கு வாய் வரவில்லை.

"ஒண்டு போனது" என்றேன். தமிழ் தானாக வந்துவிட்டது. "ஜூனில. உங்களுக்கு வந்திருக்க வேண்டியது."

"எனக்கோ?"

"ஓம். கருவியில பிழை இல்லை. தமிழ்ப் பெயரை எப்பிடிப் பாக்கிறது எண்டு இவைக்கு எழுதிக் குடுத்தது நான். தகப்பனையும் மகனையும் ஒரே ஆள் எண்டு எடுக்கிற மாதிரி எழுதிப்போட்டன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் மேசையில் இருந்த பேனையை எடுத்துத் திரும்ப வைத்தார்.

"கலியாணம் முடிச்சு ஒண்டரை வருசம்" என்றார். "மனிசி ஊரில, யாழ்ப்பாணத்தில. அவவைக் கூப்பிடுறதெண்டா கன்ரோன் விசாக் கந்தோருக்கு வீட்டு ஒப்பந்தம் காட்டோணும். அப்பாவின்ர வீட்டில நாங்கள் ஏற்கனவே அஞ்சு பேர், அது காணாதாம். வெளியில வீடு எடுக்கிற சம்பளம் எனக்கில்லை. இதைத்தான் நம்பியிருந்தனான்."

"தெரியாது எனக்கு" என்றேன். என்ன சொல்லுகிறேன் என்று எனக்கே கேட்கவில்லை.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். அதில் குத்தல் இல்லை. அதுதான் இன்னும் குத்தியது.

பிறகு அவர் தன் தொலைபேசியை எடுத்து எண்ணை அழுத்தினார். அங்கே அப்போது பின்னேரமாக இருந்திருக்கும். மூன்று தரம் அடித்தது. எடுத்ததும், "ஒரு நிமிசம், ஒராளிட்டக் குடுக்கிறன், கேள்" என்று மட்டும் சொல்லி, கண்ணாடிக்குக் கீழே இருந்த இடைவெளியால் தொலைபேசியை என் பக்கம் தள்ளினார்.

"நீங்களே சொல்லுங்கோ" என்றார். "நான் சொன்னா எடுபடாது. எத்தினை தரம் சொல்லியாச்சு, வருது வருதெண்டு."

அந்தத் தொலைபேசி என் முன்னால் கிடந்தது. பின்னால் எழுத்தர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டார். எடுத்துக் காதில் வைத்தேன்.

"வணக்கம்" என்றேன். நான் இந்த வீட்டு அலுவலகத்தில் வேலை செய்கிறேன் என்று சொன்னேன். இதே மூன்று வாக்கியத்தை அவரிடம் சொன்னேனே, திரும்பச் சொல்ல எனக்குக் கனநேரம் எடுத்தது. உங்கட மனுசன்ர பேர் வரிசையில இருந்தது, ஜூனில அவருக்கு ஒரு வீடு வந்திருக்க வேண்டும், அவற்ர பேர் அழிஞ்சுபோனதால அது வேற ஆக்களுக்குப் போச்சுது, அழிஞ்சது என்ர பிழையால.

மறுபக்கம் எங்கேயோ ஒரு மோட்டார் சைக்கிள் போனது.

"அக்கா" என்றது குரல். மெல்லிய குரல், என்னைவிடச் சின்னப் பெட்டையாக இருக்க வேண்டும். "அப்ப அவர் உண்மையா வரிசையில நிண்டவரோ?"

"என்ன?"

"இல்லை அக்கா... இஞ்ச எல்லாரும் சொல்லுகினம், அவர் வீடே பாக்கேல்லையாம், வரிசை எண்டு ஒண்டு அங்க இல்லையாம், என்னைக் கூப்பிட விருப்பமில்லாமல் சாட்டுச் சொல்லுறாராம். அம்மாவும் அப்பிடித்தான் சொல்லுறா. ஊர் வாயை மூட ஏலுமே? நானும்..."

"நிண்டவர்" என்றேன். "எட்டு வருசமா. திகதி என்ர கண்ணுக்கு முன்னால இருக்கு."

"எட்டு வருசமோ?"

"ஓம்."

அவள் அழத் தொடங்கினாள். பெரிதாக இல்லை, தொலைபேசியை வாயிலிருந்து தள்ளிப் பிடித்து அழுகிற அழுகை. வீடு போனதற்கு அழுகிறாள் என்று நான் முதலில் நினைத்தேன். இல்லை. அவள் அந்த மனிசனைப் பிழையாக நினைத்ததற்கு அழுதாள். அதோடு நிம்மதியும் இருந்தது அதில். என் பிழை அவளுக்கு நல்ல செய்தியாகப் போய்விட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவு வெட்கம் நான் அதற்கு முன்னோ பின்னோ பட்டதில்லை.

அவள் சொன்னது எதுவும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற அவருக்குக் கேட்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு கையையும் மேசையில் ஊன்றி, குனிந்து, "என்னவாம்? கோவமோ?" என்று கேட்டார்.

தொலைபேசியைத் திரும்ப அவர் பக்கம் தள்ளினேன்.

"கதையுங்கோ" என்றேன்.